கொப்பியில் இல்லாத 45,000 ரூபா

"எனக்கு 44 வயது. வெள்ளவத்தையில் அம்மா அப்பாவின் ஃபிளாட்டில் கணவர், மகனோடு இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தெகிவளையில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தோம். வேலையையும் அரைநாளாக்கிக்கொண்டேன். அண்ணா நுகேகொடையில், மாதம் 25,000 தருகிறார். தம்பி டொரன்டோவில், நினைத்தபோது அனுப்புவான், போன வருடம் மொத்தம் இரண்டரை இலட்சம். போதவில்லை என்றால் அண்ணா, 'எல்லாத்தையும் மூண்டாப் பிரிப்பம்' என்கிறார். தம்பி, 'நீங்கள் வாடகை குடுக்காமல்தானே இருக்கிறீங்கள்' என்கிறான். அதைக் கேட்டபின் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. யார் எவ்வளவு தருவது நியாயம்? சட்டப்படி கேட்க வழி இருக்கிறதா?"
வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரி,

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், சொல்வதற்கு அதிகமில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை ஒன்று இருக்கிறது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வழியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தப் பராமரிப்புப் பணம் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். அது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான வழி. உங்களுடையது பிள்ளைகள் மூவருக்கும் இடையிலான கணக்கு. அப்பாவின் பெயரில் ஒரு விண்ணப்பம் போனால் அதன்பின் அண்ணா உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான் கேட்டபடி மூன்று மாதக் கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்து, மற்ற விவரங்களையும் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தீர்கள். கணக்காளராக நாற்பது வருடம் எத்தனையோ பேரேடுகளைப் பார்த்தவன் நான். உங்கள் கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் "பம்பர்ஸ் 2 பைக்கற்", அதற்குக் கீழே "தம்பிராசா கடை மீன்", அதற்கும் கீழே மகனின் கணித டியூஷன். மாதக் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. இதைத்தான் அண்ணாவுக்குக் காட்டியிருக்கிறீர்கள் என்றால், அவர் அதில் தன் அப்பாவின் செலவைக் காணவில்லை, தங்கச்சி குடும்பத்தின் செலவைக் கண்டிருக்கிறார். 25,000 என்ற தொகை கஞ்சத்தனத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரியாத கணக்குக்கு மனிதர்கள் குத்துமதிப்பாகக் கொடுக்கும் தொகை அது.

எனவே பிரித்தெடுப்போம். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்விதான்: அம்மாவும் அப்பாவும் ஆறு மாதம் தம்பியிடம் போய் இருந்தால் இந்தச் செலவு நிற்குமா? நின்றால் அது அவர்களுடையது. நிற்காவிட்டால் உங்களுடையது. பாதி நின்றால் பாதி.

சமையல் சாமான் மாதம் 105,000 வருகிறது. ஐந்து பேர். இரண்டு பங்கு 42,000. அப்பா சாப்பிடுவது கோழிக்குஞ்சு அளவுதான் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லக்கூடும். ஆனால் அவருக்கென்று தனிச் சோறு குழைவாக வடிக்கிறீர்கள், பால்மா அவருக்குத்தான் அதிகம் போகிறது. அரிசியை நிறுத்துப் பார்க்கும் குடும்பம் நெடுநாள் ஒன்றாக இருக்காது. தலைக்கணக்கே போதும். காஸுக்கும் தண்ணீருக்கும் மாதம் 8,000. அதிலும் இரண்டு பங்கு, 3,200.

மின்சாரத்தில்தான் தலைக்கணக்கு பிழைக்கும், அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இலங்கையில் வீடுகளுக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது: 30, 60, 90, 120, 180 யூனிட் என்று ஒவ்வொரு படி தாண்டவும் விலை கூடும், 180க்கு மேல் போகும் யூனிட்தான் மிக விலையானது. உங்கள் வீடு ஏற்கெனவே அந்த மேல்படியில் நின்றது. போன வருடம் அப்பாவின் அறைக்கு ஏசி பூட்டினீர்கள். அந்த ஏசி எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படி விலையில்தான் விழுகிறது. இப்போதைய பில் 23,000. ஐந்தால் பிரித்து இரண்டு பங்கு எடுத்தால் 9,200. அது நியாயமான தொகை அல்ல. ஏசி பூட்டுவதற்கு முன்னிருந்த பில்லைத் தேடி எடுத்து அனுப்பினீர்களே, அதிலிருந்த ரூபாவை நான் பார்க்கவில்லை. இடையில் கட்டண விகிதம் மாறிவிட்டதால் பழைய ரூபாவை இன்றைய ரூபாவோடு ஒப்பிட முடியாது. யூனிட்டை எடுத்து இன்றைய விலையில் போட்டேன்: 14,000 வந்தது. ஆக 9,000 ஏசிக்கு மட்டும், அது முழுக்க அப்பாவின் செலவு. மிச்சம் 14,000இல் இரண்டு பங்கு 5,600. மொத்தம் 14,600. தலைக்கணக்குக்கும் இதற்கும் மாதம் 5,400 வித்தியாசம். அது இவ்வளவு நாளும் உங்கள் கணவரின் சம்பளத்திலிருந்து சத்தமில்லாமல் போயிருக்கிறது.

இவை மூன்றும் சேர்ந்து 59,800. 60,000 என்று வைத்துக்கொள்வோம்.

தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம், சோலைவரி இரண்டும் மாதத்துக்கு 14,000. இதை ஐந்தால் பிரிக்கக்கூடாது. வீடு அப்பாவின் பெயரில் இருக்கிறது, சொந்தக்காரர் கட்டவேண்டிய காசு இது. நீங்கள் அங்கே குடியிருப்பதன் பெறுமதியைப் பின்னால் தனியாக உங்கள் கணக்கில் பற்று எழுதப்போகிறேன். இங்கேயும் வெட்டினால் ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை உங்களிடம் வாங்கியதாகிவிடும்.

வைத்தியம் 80,000. மருந்து 28,000, வாரம் இரண்டு தடவை வரும் பிசியோவுக்கு 24,000, பம்பர்ஸ் முதலானவற்றுக்கு 18,000, சனல் பண்ணும் காசும் ஓட்டோவும் 10,000. மருந்தில் ஒரு வார்த்தை. களுபோவில கிளினிக்கில் இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் இலவசமாகக் கிடைக்குமே, ஏன் வெளியில் வாங்குகிறாய் என்று அண்ணா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கேட்டது சரி. ஆனால் கிளினிக் நாளில் விடியற்காலை நம்பர் எடுத்து, மத்தியானம் மருந்து வாங்கி வரும் ஆள் நீங்கள்தான். அந்த அரைநாளை அண்ணா மாதம் ஒருமுறை எடுத்துக்கொண்டால் கிளினிக் மருந்து எடுக்கலாம். இல்லையென்றால் ராஜ்ய ஒசுசலவில் வாங்கினாலே பில் கொஞ்சம் குறையும். எதுவானாலும் அப்பாவின் வைத்தியரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டபின் செய்யுங்கள். இப்போதைக்கு 28,000 என்றே கணக்கில் நிற்கட்டும்.

அடுத்தது, யாருடைய மாதக் கணக்கிலும் வராத செலவு. போன வருடம் அப்பாவைத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்தீர்கள், அம்மாவின் கண்ணுக்கு லென்ஸ் போட்டீர்கள், சக்கர நாற்காலி வாங்கினீர்கள். மூன்றும் சேர்த்து 240,000. இப்படியான செலவு வரும்போது பக்கத்தில் நிற்பவர் கட்டுவார், தூரத்தில் இருப்பவர் "சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனே" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கட்டியது எப்போதும் ஒரே ஆள். ஆகவே அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 20,000 என்று ஒதுக்கிவிடவேண்டும், அந்த மாதம் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும்.

கையிலிருந்து போகும் காசு, ஒதுக்குவதும் சேர்த்து, 174,000. அப்பாவின் ஓய்வூதியம் 62,000, நிலையான வைப்பின் வட்டி 13,000. அண்ணாவின் 25,000. தம்பி அனுப்பியதை மாதத்துக்குப் பரத்தினால் ஏறக்குறைய 21,000. மிச்சம் 53,000 உங்கள் வீட்டிலிருந்து போகிறது. நீங்கள் கடிதத்தில் "ஒரு முப்பதாயிரம் துண்டு விழுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். துண்டு விழுவது இதுதான்.

இனிக் கொப்பியில் இல்லாத இரண்டு தொகைகள். உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலாவது, உங்கள் உழைப்பு. காலையில் அப்பாவைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, கைகால் பயிற்சி செய்வித்து மத்தியானம் வேலைக்குப் போகிறீர்கள். இதற்கு எவ்வளவு? உங்கள் சம்பளம் 140,000இலிருந்து 80,000ஆகக் குறைந்ததால் 60,000 என்று நீங்கள் கேட்க நினைத்திருக்கிறீர்கள். நான் அதை ஏற்கமாட்டேன். அப்படிப் பார்த்தால் வங்கி முகாமையாளராக இருக்கும் மகள் அப்பாவைக் குளிப்பாட்டினால் விலை கூட, ஆசிரியையாக இருக்கும் மகள் குளிப்பாட்டினால் விலை குறைவு என்றாகும். சகோதரர்கள் பொறுக்கவேண்டியது அந்த வேலையின் விலையை, செய்பவரின் சம்பளத்தை அல்ல. அரைநாளுக்கு ஒரு அட்டெண்டன் வைத்தால் 1,800 கேட்கிறார்கள் என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். மாதம் 25 நாள், 45,000. இதுதான் உச்சம். நீங்கள் இழக்கும் சம்பளம் இதைவிடக் கூடவாக இருந்தால், ஆள் வைத்துவிட்டு முழுநேர வேலைக்குத் திரும்புவதா என்பதை நீங்களும் கணவரும் யோசிக்கவேண்டும்; அந்த 15,000 வித்தியாசத்தை அண்ணாவிடம் கேட்க முடியாது. அப்பா அந்நியர் கை பட விடமாட்டார் என்பீர்கள். தெரியும். அதற்காகத்தான் பல மகள்மார் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

இரண்டாவது, தம்பி சொன்ன வாடகை. உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம், ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. வீடு அப்பாவுடையது, மகளிடம் வாடகை வாங்காமல் விடுவது அப்பாவின் இஷ்டம், அதைக் கேட்கத் தம்பிக்கு உரிமையில்லை என்று நீங்கள் வாதாடலாம். அப்பாவுக்குத் தன் செலவைத் தானே பார்க்க முடிந்தவரை அந்த வாதம் நிற்கும். அவர் மகன்மாரின் காசை எதிர்பார்க்கும் நாளிலிருந்து, அவர் உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதியை மகன்மார்தான் கட்டுகிறார்கள். ஆகவே எழுதத்தான் வேண்டும். எவ்வளவு? வெள்ளவத்தையில் மூன்று அறை ஃபிளாட்டின் முழு வாடகை என்று தம்பி கூகுளில் தேடி ஒரு தொகை சொல்வார். அது பிழை. நீங்கள் பாவிப்பது இரண்டு அறை, மற்ற அறையில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், குசினியும் ஹோலும் பொது. நீங்களாக விரும்பியும் வரவில்லை. தெகிவளையில் நீங்கள் கட்டிய வாடகை 40,000. உங்கள் கையில் உண்மையாக மிஞ்சியது அதுதான். அதையே எழுதுவோம்.

உங்களுக்கு வரவு 45,000. பற்று 40,000. இரண்டு வருடம் நீங்களும் தம்பியும் சண்டை பிடித்தது 5,000 ரூபாவுக்கு.

எல்லா வீட்டிலும் இப்படி ஏறக்குறையச் சமமாக வரும் என்று நினைக்கவேண்டாம். பெற்றோர் எழும்பி நடக்கிற வீட்டில் வாடகைதான் பெரிதாக நிற்கும், படுக்கையில் இருக்கிற வீட்டில் உழைப்பு அதை மூன்று மடங்கு தாண்டும். இரண்டையும் எழுதிப் பார்க்கும்வரை ஆளுக்கு ஒரு பக்கத்தை மட்டும்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

இரவில் இரண்டு தடவை எழும்பி அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கு நான் விலை போடவில்லை. போட்டால் அதற்கும் காசைத் தந்துவிட்டு மற்றவர்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். அதை நேரமாகத்தான் வாங்கவேண்டும். மாதத்தில் இரண்டு சனி இரவு அண்ணா வந்து அப்பாவின் அறையில் படுக்கட்டும், நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குங்கள். தம்பி விடுமுறைக்கு வரும்போது கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போவதற்கு முன் பத்து நாள் இரவு அவருடையது. அண்ணிக்கு இது பிடிக்காமல் போகலாம். அதை அண்ணாவே பேசிக்கொள்ளட்டும்.

இப்போது பங்கிடுவோம். காசுச் செலவு 174,000, உழைப்பு 45,000, ஆக 219,000. இதற்கு எதிராக அப்பாவின் வருமானம் 75,000. ஆனால் அதில் 10,000ஐ நான் தொடவில்லை. அது அம்மாவின் கையில் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு, தெரிந்தவர் வீட்டுக் கலியாணத்துக்கு. ஓய்வூதியத்தை முழுக்க உருவி எடுத்துச் சோற்றுக்குப் போடும் வீடுகளில், பெற்றோர் பத்து ரூபாவுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். மிச்சம் 65,000, அதோடு வாடகைப் பெறுமதி 40,000, ஆக 105,000. கழித்தால் 114,000. இதுதான் மூன்று பேரும் சுமக்கவேண்டியது.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 38,000. சம்பளத்தைப் பார்த்துப் பிரித்தால் தம்பியின் கனேடிய டொலர் சம்பளத்தை ரூபாவாக்கும்போது எல்லாம் அவர் தலையில் விழும்; அங்கே அவர் கட்டும் வீட்டுக்கடனும் அதே டொலரில்தான் போகிறது என்பதை மறந்துவிடுவோம். ஆகவே நான் பாவிப்பது சம்பளம் அல்ல, மிச்சம். ஒவ்வொரு குடும்பமும், கணவன் மனைவி இருவரின் வருமானமும் சேர்த்து, வரி, வீட்டு வாடகை அல்லது கடன், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மறுபக்கத்துப் பெற்றோருக்குக் கொடுப்பது இவற்றைக் கழித்து, தங்கள் நாட்டுக் காசில் மிஞ்சுவதை எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் ரூபாவாக மாற்றவேண்டும். உங்கள் கணவர் வவுனியாவில் இருக்கும் தன் அம்மாவுக்கு மாதம் 20,000 அனுப்புகிறார். அதைக் கழிக்கக் கூச்சப்படாதீர்கள். மருமகனுக்கும் ஒரு தாய் இருக்கிறார் என்பதை மகன்மார் மறப்பது வழக்கம். கார் லீசிங், கிரெடிட் கார்ட், விடுமுறைப் பயணம் இவற்றைக் கழிக்க விடக்கூடாது. அங்கேதான் எல்லோரும் மிச்சத்தைச் சுருக்குவார்கள்.

நீங்கள் சொன்னபடி உங்கள் வீட்டு மிச்சம் 60,000. அண்ணாவுடையது ஒரு இலட்சம் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். தம்பியுடையது ரூபாவில் 140,000 என்று வைத்துப் பார்த்தேன். இவை உங்கள் ஊகம்தான். அவர்கள் தங்கள் தொகையைத் தாங்களே சொல்லவேண்டும். இந்த ஊகப்படி மொத்தம் மூன்று இலட்சம், அதில் 38 வீதம் தேவைப்படுகிறது. உங்கள் பங்கு 22,800, அண்ணா 38,000, தம்பி 53,200. நீங்கள் உழைப்பாக 45,000 ஏற்கெனவே போடுகிறீர்கள், வீடாக 40,000 எடுக்கிறீர்கள். ஆகவே உங்கள் கையிலிருந்து காசாகப் போகவேண்டியது 17,800. இன்று போவது 53,000.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அண்ணா கேட்டபடி மூன்றாகப் பிரித்தாலும் அவருக்கு 38,000, மிச்சப்படி பிரித்தாலும் 38,000. அவர் நடுவில் இருக்கிறார், எந்த முறை வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். பிரிக்கும் முறை உங்களுக்கும் தம்பிக்கும் இடையில்தான் காசை நகர்த்துகிறது. ஆகவே அண்ணாவோடு "சமமா, வருமானமா" என்று வாதாடி நாளைக் கழிக்கவேண்டாம். அவரிடம் கேட்கவேண்டியது 25,000ஐ 38,000 ஆக்குவதற்கு, கையில் கணக்கோடு.

தம்பியின் தொகையை டொலரில் எழுதுவதா ரூபாவில் எழுதுவதா? இதில் நானே ஒருமுறை பிழை விட்டேன். 2021இல் கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்துக்கு இதேபோல் எழுதிக் கொடுத்தேன், இலண்டனில் இருந்த மகனுக்கு மாதம் இவ்வளவு ரூபா என்று. மீளாய்வுத் திகதி போடவில்லை. அடுத்த வருடம் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது, பவுணும் அதோடு ஏறியது, 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டிப் போனது. இலண்டன் மகன் சொன்ன சொல் தவறாமல் அதே ரூபாவை அனுப்பிக்கொண்டிருந்தார், முன்பைவிடக் குறைந்த பவுணில். இங்கே தாய்க்கு அந்தக் காசில் பால்மாவும் மருந்தும் பாதிதான் வந்தது. ஒருவரும் ஏமாற்றவில்லை, நான் எழுதிய தாள்தான் ஏமாற்றியது. செலவு ரூபாவில் நடப்பதால் தொகையையும் ரூபாவிலேயே எழுதுங்கள். ஆனால் தையிலும் ஆடியிலும் கொப்பியைத் திறந்து புதிதாகப் போடவேண்டும் என்று அதே தாளில் எழுதுங்கள். இடையில் சாமான் விலை ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஏறினால் அந்த மாதமே பேசலாம் என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

காசு வந்துசேரும் இடம் உங்கள் சொந்தக் கணக்காக இருக்கக்கூடாது. நீங்களும் அண்ணாவும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்குத் திறவுங்கள், இருவரில் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்ற வகையில். அண்ணா ஸ்டான்டிங் ஓர்டர் போடட்டும், சம்பளம் விழுந்த மறுநாள் தானாகப் போகும்படி. தம்பியும் அதே கணக்குக்கு அனுப்பட்டும். அப்பாவின் ஓய்வூதியம் விழும் கணக்கை இதோடு கலக்கவேண்டாம். அங்கிருந்து மாதம் 65,000 இதற்கு மாற்றினால் போதும். அப்பாவின் வலக்கை வராததால் கையொப்பம் மாறியிருக்கும். அவர் தெளிவாகப் பேசும் இந்தக் காலத்திலேயே அவரை ஒருமுறை வங்கிக்கு அழைத்துப்போய், அம்மாவையும் அவர் கணக்கில் சேர்க்க முடியுமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்ட குடும்பங்கள் ஓய்வூதியக் காசு இருந்தும் எடுக்க முடியாமல் நின்றிருக்கின்றன.

ஒதுக்கும் 20,000 வேறொரு சேமிப்புக் கணக்கில் போகட்டும். ஒரே பில் 25,000ஐத் தாண்டினால் மட்டும் அதிலிருந்து எடுக்கலாம். ஆறு மாதத்தில் அந்தக் கணக்கில் எதுவும் சேரவில்லை, ஆஸ்பத்திரிக்கும் யாரும் போகவில்லை என்றால், மாதத் தொகை போதவில்லை, நீங்கள் அதிலிருந்து மரக்கறி வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். உடனே சொல்லுங்கள். நல்ல மகள்மார் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள், இரண்டு வருடம் கழித்து ஒரே நாளில் வெடிக்கிறார்கள்.

ஃபிளாட் பிறகு யாருக்கு என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் தம்பியின் வாடகைப் பேச்சுக்குப் பின்னால் அது இருக்கிறது. "நீதானே பாக்கிறாய், வீடு உனக்குத்தான்" என்று அம்மா எப்போதாவது சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை நம்பி 17,800க்குப் பதில் 53,000 கட்டிக்கொண்டிருக்காதீர்கள். இலங்கையில் 1840ஆம் ஆண்டிலிருந்தே காணி வீடு கைமாறுவதற்கு நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி இல்லை. அம்மாவும் அப்பாவும் உண்மையாகவே உங்களுக்குக் கூடுதலாகத் தர விரும்பினால், தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உறுதி எழுதட்டும், அல்லது மரணசாசனம் எழுதட்டும், மகன்மாருக்குத் தெரியவே எழுதட்டும். அது அவர்களின் முடிவு. மாதக் கணக்கு வேறு, அந்தக் கணக்கு வேறு. ஒன்றை மற்றதில் கழிக்கத் தொடங்கினால் இரண்டும் குழம்பும்.

பேசும் விதம் பற்றி ஒன்று மட்டும். புதுக் கொப்பி ஒன்று வாங்கி, இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து அம்மா அப்பாவின் செலவை மட்டும் அதில் எழுதுங்கள். மகனின் டியூஷன் பழைய கொப்பியிலேயே இருக்கட்டும். மாதம் முடிந்ததும் அந்தப் பக்கங்களை மூவரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஒரு விளக்கமும் எழுதாமல். 45,000ஐயும் 40,000ஐயும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். தம்பியின் 40,000 முதலில் வரட்டும். அதைப் பார்த்தபின் அவர் உங்கள் 45,000ஐ மறுப்பது கஷ்டம். பிறகு ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடியோவில் பேசுங்கள், டொரன்டோவில் அது காலைநேரம், பிள்ளைகள் எழும்பி ஓடத் தொடங்கியிருக்கும், ஆனாலும் தம்பிக்கு வேலை இல்லாத நாள். அண்ணாவை வீட்டுக்குக் கூப்பிடாமல், நீங்கள் நுகேகொடைக்குப் போய் அங்கிருந்து பேசுங்கள். உங்கள் ஃபிளாட்டில் அப்பாவின் கட்டிலுக்கும் ஹோலுக்கும் இடையில் ஒரு திரைதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்றிரவு கணவர் அப்பாவோடு இருக்கட்டும்.